குதிகாலில் ஒட்டிய பிளாஸ்திரி சுருண்டு கொப்புளம் வந்துவிட்டது, நாளை நடக்கலாமா?

நடைராசன்:
நாலு நாள் நடை, நாளுக்கு சுமார் 22 கி.மீ. இன்று இரண்டாம் நாள். 9 கி.மீ. தாண்டியதும் வலது குதிகாலின் பின்பக்கம் எரிய ஆரம்பித்தது. உடனே சின்ன வட்டப் பிளாஸ்திரி ஒட்டினேன். ஒரு மணி நேரத்தில் சுருண்டு சாக்ஸோடு போய்விட்டது. இப்போது கட்டைவிரல் நக அளவுக்குக் கொப்புளம், தெளிந்த நீர், தோல் கிழியவில்லை. இடது குதிகாலில் அதே இடம் சிவந்து எரிகிறது, அவ்வளவுதான். கையில் ஜிங்க் ஆக்ஸைடு டேப், ஒட்டும் ஃபெல்ட், காஸ் துணி, கத்தரி இருக்கு. ரெண்டு காலுக்கும் ஒரே மாதிரி ஒட்டிவிடலாமா?

செல்விமா:
டேப் எல்லாம் எதுக்குங்க? வாஸ்லின் நல்லா தடவிட்டு சாக்ஸ் போடுங்க, உரசவே உரசாது.

மருதன்:
செல்விமா சொல்வது முதல் ஒரு மணி நேரத்துக்குச் சரி. பிறகு அதைச் சாக்ஸ் உறிஞ்சிக்கொள்ளும், தோல் ஊறிப்போய் முன்பைவிட அதிகமாகப் பிடிக்கும். அது தடவிய தோலில் டேப்பும் நிற்காது. இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும்.

நடைராசன், இரண்டு காலுக்கும் ஒரே வைத்தியம் இல்லை. முதலில் இடது கால். சோப்பு போட்டுக் கழுவி, துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். டேப்பைச் சிவந்த இடத்தைவிட எல்லாப் பக்கமும் 2 செ.மீ. பெரிதாக வெட்டி, மூலைகளை வட்டமாக்குங்கள். உங்கள் பிளாஸ்திரி சுருண்டது அதனால்தான்: சின்னது, அதன் விளிம்பு சரியாக ஷூ உரசும் இடத்திலேயே இருந்திருக்கும். பாதத்தைக் கணுக்காலில் செங்கோணமாக வைத்துக்கொண்டு, இழுக்காமல், நடுவிலிருந்து வெளியே தடவி ஒட்டுங்கள். விரல் நுனியைக் கீழே நீட்டியபடி ஒட்டினால் குதிகாலுக்குப் பின்னால் தோல் தொய்ந்திருக்கும். நடக்கும்போது அது விரிய, டேப் இழுத்துக் கிளம்பிவிடும். ஒட்டியபின் உள்ளங்கையால் ஒரு நிமிஷம் அழுத்திச் சூடேற்றுங்கள். ஒரு சுருக்கம் விழுந்தாலும் உரித்துவிட்டுப் புதுசு ஒட்டுங்கள், அந்தச் சுருக்கமே அடுத்த கொப்புளம்.

வலது காலில் பசை கொப்புளத்தோலில் படவே கூடாது, உரிக்கும்போது தோலும் கூடவே வரும். ஃபெல்ட்டில் கொப்புளத்தைவிடச் சற்றுப் பெரிய ஓட்டை போட்டு, வடைபோல் சுற்றி ஒட்டுங்கள். ஃபெல்ட் கொப்புளத்தைவிட உயரமாக இருந்தால்தான் ஷூவின் அழுத்தம் கொப்புளத்தில் படாமல் ஃபெல்ட்டின் மேல் விழும். ஓட்டைக்குள் காஸ் துண்டு, அதன் மேல் அகல டேப். ஃபெல்ட்டின் வெளி விளிம்பைக் கத்தரியால் சரிவாகச் சீவுங்கள், இல்லாவிட்டால் அந்தப் படி வேறிடத்தில் குத்தும்.

அன்பு_77:
எனக்கும் இதே பிரச்சினை அண்ணா. கட்டைவிரல் நகம் கருத்துப்போச்சு. இதே ஃபெல்ட் போதுமா?

மருதன்:
அது வேறு சமாச்சாரம் தம்பி. இறக்கத்தில் விரல் முன்னால் போய் முட்டுகிறது. ஷூ நீளத்தையும் கயிற்றுக் கட்டையும் பாருங்கள்.

நடைராசன்:
நன்றி சார். கொப்புளத்தைக் குத்தி நீரை எடுத்துவிடலாமா? அழுத்தினால் விண்ணென்று வலிக்கிறது.

மருதன்:
தளர்வாக, வலியில்லாமல் இருந்தால் தொடாதீர்கள். இப்படி விறைத்து வலிக்கிறது, ஷூவுக்குள் தானே உடையப்போகிறது என்றால் எடுத்துவிடுவேன்: கை கழுவி, கிருமி நீக்கிய ஊசியால் ஓரத்தில், கீழ்ப்பக்கமாக இரண்டு மூன்று துளை. காஸால் மெதுவாக அழுத்தி வடியவிட்டு, மேல்தோலை அப்படியே விடுங்கள். நீரில் ரத்தம் கலந்திருந்தாலோ, சர்க்கரை நோயோ பாதத்தில் உணர்ச்சிக் குறைவோ இருந்தாலோ குத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கனகவல்லி:
இதில் எனக்கு உடன்பாடில்லை. நாள் முழுக்க வேர்வையில் ஊறப்போகும் காலில் துளை போடுவது கிருமிக்கு வழிவிடுவதுதான். பல நேரம் நீர் மறுபடி கட்டவும் செய்யும். ஃபெல்ட் வளையத்தோடு நடந்து பார்த்துவிட்டு, முடியாவிட்டால்தான் ஊசி.

அதோடு மூலகாரணத்தை விட்டுவிட்டீர்களே! குதிகால் ஷூவுக்குள் ஏறி இறங்குகிறது. மேல் ஓட்டையில் கயிற்றை ஒரு வளையமாக விட்டு, எதிர்ப்பக்க முனையை அதற்குள் நுழைத்து இறுக்குங்கள். குதிகாலைப் பின்னால் தட்டி உட்காரவைத்துக்கொண்டு கட்டணும்.

மருதன்:
கயிறு விஷயம் சரிதான். துளை விஷயத்தில் நான் சொன்னதுதான் என் கட்சி.

நடைராசன்:
எப்போது நிறுத்துவது?

கனகவல்லி:
எரிச்சல் தெரிந்த நிமிஷமே ஷூவைக் கழற்றிப் பாருங்கள், அடுத்த ஓய்விடம் வரை காத்திருக்க வேண்டாம். நாளை முதல் 2 கி.மீ.யில் நடை மாறினால், அதாவது குதிகாலைத் தூக்கியே வைத்தால் அல்லது பாதத்தைப் பக்கவாட்டில் ஊன்றினால், திரும்பிவிடுங்கள். முழங்காலும் கணுக்காலும் அந்தக் கோணலுக்குப் பலியாகும். மேல்தோல் பிய்ந்து பச்சைச் சதை தெரிந்தால் அன்றைய நடை முடிந்தது. சிவப்பு வட்டம் பரவுவது, சீழ், மேல்நோக்கி ஓடும் சிவப்புக் கோடு, காய்ச்சல், இதில் எது வந்தாலும் அன்றே மருத்துவர்.

செல்விமா:
அப்போ வாஸ்லின் விரலிடுக்குக்காவது ஆகுமா?

மருதன்:
டேப் ஒட்டாத விரலிடுக்கு என்றால் தடவலாம். ஓய்வுக்கு ஓய்வு துடைத்துவிட்டுத் திரும்பத் தடவணும்.