மலேசியாவிலிருந்து என்பிஎஸ்: ஆதார் ஓடிபி வரவில்லை, கையில் இருப்பது பழைய சேமிப்புக் கணக்குதான்

துறையூர்க்காரன்

வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பெர்மிட்டில் வேலை செய்கிறேன். வயது 34. வீட்டுக்கு அனுப்பியது போக மாதம் 100 மலேசிய வெள்ளி எனக்கென்று ஒதுக்க முடியும். அதை இந்தியாவின் ஓய்வூதியத் திட்டமான என்பிஎஸ்ஸில் போட்டு வரலாம் என்று ஆசை. 60 வயதில் ஊரில் யார் கையையும் எதிர்பார்க்காமல் இருக்க வேண்டும்.

இ-என்பிஎஸ் பக்கத்தில் வெளிநாடுவாழ் இந்தியர் என்று தேர்ந்தெடுத்துப் பதியத் தொடங்கினேன். ஆதார் கொடுத்தால் ஓடிபி ஊரில் இருந்த பழைய நம்பருக்குப் போகிறது. ரீசார்ஜ் போடாமல் அந்த சிம் செத்துவிட்டது. பான் கார்டு இருக்கிறது. அடுத்து, வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ வங்கிக் கணக்கு கேட்கிறது. என்னிடம் இருப்பது மலேசியா வரும் முன் துறையூரில் திறந்த சாதாரண சேமிப்புக் கணக்கு. ஏடிஎம் கார்டு மனைவியிடம் இருக்கிறது.

இன்னொரு பயமும் உண்டு. பெர்மிட் புதுப்பிப்பு இழுத்தால் சில மாதம் சம்பளமே இருக்காது. அப்போது கட்டாமல் விட்டால் கணக்கு போய்விடுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சிப்புட் பையன்

அண்ணே, இதுக்கு ஏன் இவ்ளோ சுத்தணும்? வெளிநாட்டுக்காரங்களுக்கும் இப்போ இபிஎஃப் பிடிக்கிறாங்களே. 2025 அக்டோபர் சம்பளத்துல இருந்து உங்ககிட்ட 2 விழுக்காடு, முதலாளி 2 விழுக்காடு. அதுலயே ஐ-சாரான் திட்டத்துலயும் சேர்ந்து போடுங்க, அரசாங்கம் மேல கொஞ்சம் கொடுக்கும். எங்க மாமா நாசி லெமாக் கடை வெச்சிருக்காரு, அவரு அப்படித்தான் போடுறாரு.

துறையூர்க்காரன்

தம்பி, அந்த 2 விழுக்காடு என் சம்பளச் சீட்டிலும் வருகிறது. அது இங்கத்த பணம், நான் கேட்பது இந்தியாவின் ஓய்வூதியத் திட்டம். ஐ-சாரான் மலேசியக் குடிமக்களுக்குத்தானே?

சிப்புட் பையன்

ஆமாண்ணே, சரிதான். மாமா சிவப்பு ஐசி இல்ல, நீல ஐசி வெச்சிருக்கிற குடிமகன். நான் கேள்வியை சரியா படிக்கல.

கிள்ளான் சலூன்

நண்பா, நான் சொல்றதைக் கேளுங்க. 60 வயசுல மாசம் 5,000 ரூபாய் உறுதியா வரும். உங்க வயசுக்கு மாசம் 824 ரூபாய்தான். என் மனைவி ஊர்ல போஸ்ட் ஆபீஸ்ல போட்டிருக்கா. நீங்களும் அங்கே ஒரு கணக்குத் திறங்க. பணத்தை அவங்க பேருக்கு அனுப்புங்க, அவங்களே உங்களுக்கும் சேர்த்துக் கட்டிடுவாங்க. என்ஆர்இ எல்லாம் லட்சக்கணக்குல வெச்சிருக்கிறவனுக்கு.

ஈப்போ அக்கா

திருச்சியில் ஒரு வங்கியின் வெளிநாடுவாழ் இந்தியர் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். கல்யாணமாகி இங்கே வந்துவிட்டேன். இது எனக்குப் பழகிய வேலை என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன் தம்பி.

சலூன் தம்பி சொல்லும் 5,000 ரூபாயும் 824 ரூபாயும் அடல் பென்ஷன் யோஜனாவின் கணக்கு. என்பிஎஸ்ஸில் அப்படி உறுதித்தொகை எதுவும் கிடையாது. போடும் பணம் பங்கு, கடன் பத்திரம் என்று முதலீடாகி, அது வளர்ந்த அளவுக்குத்தான் பின்னால் வரும். இரண்டும் வேறு. அடலில் 40 வயதுக்குள் சேர வேண்டும் என்பதால் உனக்கு இன்னும் நேரம் இருக்கிறது. ஆனால் போஸ்ட் ஆபீஸ் வழி உனக்கு இல்லை, வெளிநாடுவாழ் இந்தியர் அங்கே சேமிப்புக் கணக்கு திறக்க முடியாது. உன் மனைவி ஊரில் இருப்பவர், அவர் திறக்கலாம்.

இனி உன் விஷயம். நீ முதலில் என்பிஎஸ் பக்கத்துக்குப் போனதால்தான் எல்லாம் முட்டுகிறது. முதலில் வங்கி, பிறகுதான் என்பிஎஸ். வேலைக்காக வெளிநாடு போனவர் பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக்கூடாது, அதை என்ஆர்ஓவாக மாற்ற வேண்டும் என்பது அந்நியச் செலாவணி விதி. உன் கணக்கை அப்படி மாற்றிக்கொள். மலேசியச் சம்பளத்தைப் போட தனியாக ஒரு என்ஆர்இ கணக்கு திறந்தால் இன்னும் நல்லது. பல வங்கிகள் என்ஆர்இயில் குறைந்தபட்ச இருப்பு கேட்கும், அதை முன்கூட்டியே விசாரித்துவிடு. அந்தத் தொகை உனக்குப் பாரம் என்றால் என்ஆர்ஓ ஒன்றே போதும், என்பிஎஸ்ஸுக்கு அதிலிருந்தும் கட்டலாம். பதியும்போது பணத்தை வெளிநாட்டுக்குத் திரும்ப எடுத்துப்போகும் வகையா, இல்லையா என்று ஒரு கேள்வி வரும். எடுத்துப்போகும் வகைக்கு என்ஆர்இ வேண்டும். நீ ஊரில் குடியேறப் போகிறவன், உனக்கு அது முக்கியமில்லை.

மாற்றும்போது வங்கியில் உன் மலேசிய மொபைல் நம்பரையும் பதிந்துவிடு. மனைவியிடம் இருக்கும் கார்டையும் வங்கியில் சொல்லிவிட்டுத்தான் மாற்ற வேண்டும். அவர் பெயரில் தனிக் கணக்கு இருந்தால் வீட்டுச் செலவுக்கு அதில் அனுப்பு. என்பிஎஸ் பணம் மட்டும் உன் பெயரில் உள்ள கணக்கிலிருந்தே போகட்டும். வேறொருவர் கணக்கிலிருந்து வரும் பணம் திரும்பிவிடலாம், பிற்காலத்தில் எங்கிருந்து வந்த பணம் என்று கேட்டாலும் பதில் இருக்காது.

ஓடிபி வராததற்கு வழி இருக்கிறது. ஆதாரை விட்டுவிட்டு பான் வழியில் பதிந்து, உன்னைச் சரிபார்க்க உன் வங்கியைத் தேர்ந்தெடு. அந்த வங்கி அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். பான் பெயரும் வங்கிப் பெயரும் இனிஷியல் உட்பட ஒத்துப்போக வேண்டும். வங்கி ஒப்புதல் தந்ததும் பிரான் என்ற 12 இலக்க என்பிஎஸ் கணக்கு நம்பர் கிடைக்கும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஆதார் ஓடிபி இருந்தால் விண்ணப்பத்தில் இணையத்திலேயே கையெழுத்துப் போடலாம். உனக்கு அது இல்லை. ஆகவே விண்ணப்பத்தை அச்செடுத்து, போட்டோ ஒட்டி, கையெழுத்துப் போட்டு, என்பிஎஸ் கணக்குகளைப் பராமரிக்கும் பதிவேட்டு நிறுவனத்துக்குக் கூரியரில் அனுப்ப வேண்டும். பிரான் கிடைத்த 90 நாளுக்குள் அது போய்ச் சேராவிட்டால் கணக்கை முடக்கிவிடுவார்கள். எங்களிடம் வந்த ஒருவருக்கு அதுதான் நடந்தது. ஒரு ஏஜெண்ட் எல்லாம் முடிந்தது என்று சொல்லிவிட்டார். அவரும் 500 ரூபாய் கட்டி ரசீது வாங்கிவிட்டார். நாலாவது மாதம் பணம் கட்டப் போனால் பக்கம் ஏற்க மறுத்தது. முதல் தவணை உள்ளே இருக்கிறது, நம்பர் இருக்கிறது, காகிதம் மட்டும் போகவில்லை. கூரியர் ரசீதைப் பத்திரமாக வை. ஒரு மாதம் கழித்து உள்நுழைந்து, கணக்கு நடப்பில் இருப்பதாகக் காட்டுகிறதா என்று பார்.

நீலாய் கடை

அக்கா, எனக்கும் ஒரு சந்தேகம். நான் மதுரையில இருக்கும்போதே என்பிஎஸ் போட்டவன், காகிதமெல்லாம் சரியா இருக்கு. 2024 ஜனவரியில 1,000 ரூபாய் கட்டினேன். 2025க்கு மே மாசம் கட்டலாம்னு போனா கணக்கு முடக்கம்னு வருது. வருஷத்துக்கு 1,000 கட்டினா போதும்னுதானே சொன்னாங்க?

ஈப்போ அக்கா

1,000 ரூபாய் சரிதான் தம்பி, வருடம்தான் வேறு. இந்திய நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். நீ 2024 ஜனவரியில் கட்டியது 2023-24க்குப் போனது. 2025 மேயில் கட்டுவது 2025-26க்கு. நடுவில் 2024 ஏப்ரலிலிருந்து 2025 மார்ச் வரை ஒரு காசும் விழவில்லை. இங்கே ஜனவரி டிசம்பர் கணக்கில் பழகியவர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. பணம் எங்கும் போகவில்லை, முதலீட்டில்தான் இருக்கிறது. குறைந்தபட்சத் தொகையைக் கட்டி மீண்டும் நடப்புக்குக் கொண்டுவரலாம்.

இன்னொன்று, நீ உள்நாட்டில் வசிப்பவன் என்று பதிந்திருப்பாய். அதை வெளிநாடுவாழ் இந்தியர் என்று மாற்றச் சொல். வாங்கிய பிரான் அதேதான், புதிதாக ஒன்று பதியாதே. உன்னிடம் இரண்டாம் அடுக்குக் கணக்கு இருந்தால் அது வெளிநாடுவாழ் இந்தியருக்குக் கிடையாது, அதையும் கேட்டுக்கொள்.

துறையூர்த் தம்பி, உன் மூன்றாவது கேள்விக்கும் இதுவே பதில். மாதம் கட்டியே ஆக வேண்டும் என்பதில்லை. ஒரு வெள்ளி 20 ரூபாய் என்று வைத்தால் உன் 100 வெள்ளி 2,000 ரூபாய், அதாவது ஒரே மாதத் தவணையில் அந்த ஆண்டின் குறைந்தபட்சத்தைப் போல இரண்டு மடங்கு. ஏப்ரல் சம்பளம் வந்ததும் ஒரு தவணை கட்டிவிட்டால், அதன்பின் பெர்மிட் இழுத்துக் கையில் எதுவும் இல்லாமல் போனாலும் அடுத்த மார்ச் வரை கணக்குக்கு ஆபத்தில்லை. மார்ச் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாதே. பணம் அனுப்பும் கடையில் தாமதம், வங்கி விடுமுறை என்று ஏதாவது வந்து நிற்கும்.

கட்டுவதற்கு டி-ரெமிட் நல்ல வழி. பிரான் வந்தபின் அதில் உனக்கென்று ஒரு மெய்நிகர் கணக்கு எண் வாங்கலாம். அதை உன் நெட் பேங்கிங்கில் சேர்த்துவிட்டால், மாதா மாதம் தானாகப் போகும்படி கட்டளை போடலாம். ஒரு முறைக்குக் குறைந்தது 500 ரூபாய். இந்திய நேரம் காலை 9.30க்குள், நமக்குப் பகல் 12 மணிக்குள், பணம் சேர்ந்தால் அன்றைய விலைக்கே யூனிட் கிடைக்கும். பணம் அனுப்பும் கடையிலிருந்து நேரே அந்த எண்ணுக்கு அனுப்பாதே. முதலில் உன் கணக்கு, அங்கிருந்து டி-ரெமிட்.

கிள்ளான் சலூன்

அக்கா, போஸ்ட் ஆபீஸ் விஷயம் எனக்குத் தெரியாது, நன்றி. ஆனா 60 வயசு வரைக்கும் பூட்டி வைக்கிறது எனக்கு ஒத்துவராது. நடுவுல அவசரம்னா?

ஈப்போ அக்கா

மூன்று ஆண்டு ஆனபின், நாம் கட்டிய பணத்தில் 25 விழுக்காடு வரை எடுக்கலாம். பிள்ளை படிப்பு, கல்யாணம், வீடு, பெரிய நோய் போன்ற காரணங்களுக்கு மட்டும். வளர்ந்த பணத்தில் அல்ல, கட்டியதில். அதனால் ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று வைக்கும் பணத்தை இதில் போடவே கூடாது. அந்த விஷயத்தில் நீ சொல்வது நியாயம்.

துறையூர்க்காரன்

அக்கா, ரொம்ப நன்றி. வங்கிக்கு மின்னஞ்சல் போட்டேன். என்ஆர்ஓவாக மாற்ற கடவுச்சீட்டு, பெர்மிட் நகல்களில் கேஎல் இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்பச் சொல்கிறார்கள். சான்று வாங்க அசல் கடவுச்சீட்டு வேண்டுமே, அது ஆபீஸ் அலமாரியில் இருக்கிறது. கேட்டால் ஊருக்குப் போகும்போதுதான் தருவோம் என்கிறார்கள்.

ஈப்போ அக்கா

தம்பி, உன் கடவுச்சீட்டை இன்னொருவர் பிடித்து வைத்திருப்பது இங்கே 1966ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டப்படி குற்றம். சண்டை போட வேண்டாம். வங்கி அனுப்பிய மின்னஞ்சலை அச்செடுத்துக் கொண்டுபோய், தூதரகச் சான்றுக்கு இந்தத் தேதியில் வேண்டும் என்று எழுத்தில் கேள். மறுத்தால் தொழிலாளர் இலாகாவுக்கும் தூதரகத்துக்கும் சொல்லலாம். பெர்மிட் புதுப்பிப்புக்கு அனுப்பும் நேரமாக இருந்தால் மட்டும் அது முடியும் வரை பொறு.

துறையூர்க்காரன்

மேஸ்திரியிடம் பேசி எழுத்தில் கேட்டிருக்கிறேன், சனிக்கிழமை தருவதாகச் சொல்கிறார். என்ஆர்இயில் எவ்வளவு இருப்பு வைக்க வேண்டும் என்று வங்கி இன்னும் பதில் சொல்லவில்லை. அதிகம் என்றால் என்ஆர்ஓவோடு நிறுத்திக்கொள்கிறேன். என்ஆர்ஓ கணக்கை வைத்து அடலிலும் சேர்ந்த யாராவது இங்கே இருந்தால், உங்கள் வங்கி ஏற்றுக்கொண்டதா என்று எழுதுங்கள்.