அம்மாவின் வீட்டில் அக்கா மட்டும் இருக்கிறார், எங்களுக்கு வாடகை தரவேண்டுமா?

தெஹிவளைத் தம்பி:
வெள்ளவத்தையில் அம்மாவின் வீடு, 8 பேர்ச். அம்மா 2016இல் காலமானார், அப்பா அதற்கு முன்பே. உயில் இல்லை, நாங்கள் நாலு பேர். அன்றிலிருந்து மூத்தக்கா தனியாக இருக்கிறார். அந்த ஒழுங்கையில் இப்படி ஒரு வீடு மாதம் 120,000க்குப் போகும். என் பங்கு 30,000, ஒன்பது வருசத்துக்கு 32 லட்சத்து 40 ஆயிரம். கேட்கலாமா?

கடலோரம்:
கேட்கலாமா என்று என்ன கேள்வி, கேட்கவேண்டும். இங்கே போன மாதம் ஒருவர் "கூடப்பிறந்தவரிடம் வாடகை கேட்பது பாவம்" என்று எழுதியிருந்தார், அதைப் படித்த எரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை. பாவமாம். நாலு பேர் வீட்டில் ஒருவர் கால்நீட்டிப் படுப்பது புண்ணியமோ?

பழைய உறுதி:
32 லட்சத்தை மறந்துவிடுங்கள், தம்பி. புதுக்கடையில் ஒரு நொத்தாரிசிடம் 27 வருசம் எழுதுவினைஞராக இருந்தவன் சொல்கிறேன். பங்குக்காரர் ஒவ்வொருவருக்கும் வீட்டின் ஒவ்வொரு மூலையிலும் உரிமை உண்டு. அக்கா தன் வீட்டில்தான் இருக்கிறார், உங்களையும் வரவேண்டாம் என்று சொல்லவில்லை என்றால் அவர் யாருக்கு வாடகை கட்டுவது? நீங்களும் போய் இருந்திருக்கலாம், இருக்கவில்லை. ஊரில் வாடகை என்ன என்பது இங்கே கணக்கே இல்லை. அவர் வெளியாருக்கு வாடகைக்கு விட்டு உண்மையில் காசு வாங்கியிருந்தால் கதை வேறு, அந்தக் காசில் உங்கள் பங்கைக் கேட்கலாம்.

தெஹிவளைத் தம்பி:
மேல்மாடி அறையை ஒரு பொடியனுக்கு விட்டிருக்கிறார். மாதம் 25,000 என்று கேள்வி. அப்புறம் 2018 டிசம்பரில் முன்கதவுப் பூட்டையும் மாற்றினார்.

கடலோரம்:
பார்த்தீர்களா! பூட்டை மாற்றியிருக்கிறார்! முடிந்தது கதை.

பழைய உறுதி:
முதலில் அறையைப் பார்ப்போம். 25,000இல் உங்கள் கால்பங்கு 6,250. ஆனால் அவரும் சும்மா விடமாட்டார், ஆதனவரிப் பற்றுச்சீட்டையும் கூரை மாற்றிய பில்லையும் கொண்டுவந்து உங்கள் பங்கைக் கழிப்பார், அது நியாயமும்கூட. பூட்டு விசயம் லேசில்லை. ஏன் மாற்றினார், உங்களுக்குச் சாவி கேட்டீர்களா, என்ன சொன்னார்?

தெஹிவளைத் தம்பி:
பின்வீட்டில் கள்வன் புகுந்த பிறகு மாற்றியதாகச் சொன்னார். சாவி கேட்டதற்கு "வரும்போது போன் பண்ணு, நான் திறக்கிறேன்" என்றார்.

கடலோரம்:
போன் பண்ணி வா என்றால் அது அவர் வீடு என்றுதானே அர்த்தம்? தன் வீட்டுக்குப் போக யாராவது போன் பண்ணுவார்களா? பூட்டை மாற்றினார் என்றால் வெளியே தள்ளினார் என்று பொருள்.

மெட்ராஸ் மணி:
இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 23ஆம் பிரிவை 2005இலேயே எடுத்துவிட்டார்கள். மகளும் வீட்டைப் பிரிக்கக் கேட்கலாம். உங்க அக்காவும் கேட்கலாம்.

நெல்லிக்காய்:
ஐயா, அது உங்கள் ஊர்ச் சட்டம். இது வெள்ளவத்தை. அக்காதான் உள்ளே இருக்கிறார், கேட்பவர் வெளியே. திருப்பிப் படியுங்கள்.

மெட்ராஸ் மணி:
சொன்னது தப்பா? சட்டம் சட்டம்தானே.

நெல்லிக்காய்:
சரி விடுங்கள். நானும் ஓர் அக்காதான், ஆறு வருசம் அம்மாவுக்கு மலசலம் அள்ளியவள். தம்பிமார் கனடாவில் இருந்து வீடியோ கால் எடுத்தார்கள், அவ்வளவுதான். அம்மா போன மூன்றாம் மாதம் வாடகைக் கணக்கு வந்தது. நான் பேசாமல் ஒரு கணக்கு அனுப்பினேன், தாதி வைத்திருந்தால் எவ்வளவு என்று. அதோடு பேச்சு நின்றது, கலியாண வீட்டிலும்தான்.

கடலோரம்:
உங்கள் வீட்டுக் கதைக்குத் தனி இடம் திறவுங்கள் அம்மா. இங்கே பூட்டு.

நெல்லிக்காய்:
உங்களுக்குப் பூட்டைத் தவிர வேறு ஒன்றும் தெரியாதா?

வேலிக்கதியால்:
எல்லோரும் வீணாகச் சண்டை பிடிக்கிறீர்கள். பத்து வருச ஆட்சி வந்தால் வீடு அக்காவுக்கே. 2016இல் இருந்து எண்ணினால் நெருங்கிவிட்டது. தம்பி, வாடகையை விடும், வீடே போகப்போகிறது.

பழைய உறுதி:
பாதி சரி, பாதி பிழை. பங்குக்காரர் இருப்பது மற்றப் பங்குக்காரருக்காகவும் இருப்பதுதான். 1911இல் கொரேயா, இசேரிஸ் அப்புஹாமி வழக்கில் பிரிவி கவுன்சில் சொன்னது, இன்றும் அதுதான் அடிப்படை. மனதுக்குள் "இது என்னுடையது" என்று நினைத்துக்கொண்டிருந்தால் போதாது, மற்றவர்களை வெளியே தள்ளியதற்குச் சமமான ஒன்று நடந்திருக்கவேண்டும், அன்றிலிருந்துதான் பத்து வருசம் ஓடும். ஆனால் 1918இல் திலகரத்ன, பஸ்டியன் வழக்கில், மிக நீண்டகாலத் தனி ஆட்சியும் சூழ்நிலையும் சேர்ந்தால் அப்படித் தள்ளியதாக ஊகிக்கலாம் என்றும் சொன்னார்கள். அதனால் சும்மா தூங்கவும் கூடாது.

இப்போது கடலோரம் கவனமாகக் கேளுங்கள். "பூட்டை மாற்றி என்னைத் தள்ளிவிட்டார்" என்று தம்பி எழுதிக் கேட்டால், அன்றிலிருந்து நட்டஈடு கேட்க வழி பிறக்கும். அதே எழுத்தை அக்காவின் சட்டத்தரணி கையில் எடுத்து, "ஆம், தள்ளினோம், 2018 டிசம்பரில் இருந்து எங்கள் ஆட்சி" என்பார். 2028 டிசம்பரில் பத்து வருசம். பூட்டு இருபக்கமும் வெட்டும் கத்தி.

கடலோரம்:
அப்போ பூட்டு முக்கியம் என்று நீங்களே ஒத்துக்கொண்டீர்கள். நன்றி.

பழைய உறுதி:
நான் சொன்னதில் பாதியைத்தானே படித்தீர்கள்.

கடலோரம்:
பெரிய நொத்தாரிசு என்று காட்டவேண்டாம், நானும் இரண்டு வழக்குப் பார்த்தவன்தான். பூட்டை மாற்றினார், சாவி தரவில்லை. இதற்குப் பதில் சொல்லுங்கள்.

வேலிக்கதியால்:
சரி, அப்போ தம்பி என்ன செய்யவேண்டும்?

பழைய உறுதி:
சாவிப் பிரதி ஒன்றும், மேல்மாடி வாடகையில் பங்கும் கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் போடட்டும். "போன் பண்ணினால் திறப்பேன்" என்று அக்கா எழுத்தில் பதில் தந்தால் அது தம்பிக்குத்தான் நல்லது, தள்ளவில்லை என்று அவரே சொல்வதாகும். "உனக்கு இங்கே என்ன" என்று எழுதினால் காத்திருக்கவேண்டாம், மாவட்ட நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்கு. 8 பேர்ச்சை நாலாக வெட்டினால் ஆளுக்கு 2 பேர்ச், அதில் கோழிக்கூடுதான் கட்டலாம். ஆகவே விற்பனைதான். மதிப்பிட்ட விலையில் முதலில் பங்குக்காரருக்குள் ஏலம், யாரும் எடுக்காவிட்டால் வெளியே. அக்கா தன் காசில் கூடுதலாகக் கட்டியிருந்தால் அதற்கும் ஈடு கேட்பார். வழக்கு எப்போது முடியும் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், அப்பா போட்டதை மகன் முடித்ததையும் பார்த்தவன் நான்.

தெஹிவளைத் தம்பி:
லண்டன் அண்ணா வழக்கு வேண்டாம் என்கிறார். அவருக்கு அக்காதான் இன்னும் பருப்புப்பொடி அனுப்புகிறார்.

நெல்லிக்காய்:
உங்களுக்கு அனுப்பவில்லையா? ஏன் என்று யோசித்தீர்களா?

தெஹிவளைத் தம்பி:
அனுப்பினார், 2018 வரை.

கடலோரம்:
பூட்டும் 2018. நான் சொன்னேனே.

மெட்ராஸ் மணி:
அந்த 23ஆம் பிரிவை யாராவது படித்தீர்களா?