தடிப்பே இல்லாமல் வந்த அனாஃபிலாக்சிஸ்: அந்தப் பதினைந்து நிமிடங்கள்

ஈரோடு, வார்டு செவிலியர், 16 ஆண்டு அனுபவம்:

ஒவ்வாமையால் திடீரென்று உடல் முழுவதும் தடுமாறி உயிருக்கே ஆபத்தாகும் நிலைதான் அனாஃபிலாக்சிஸ். சென்ற மாதம் எங்கள் வார்டில் ஒருவருக்கு அது வந்ததை இங்கே விரிவாக எழுதுகிறேன். மஞ்சள் வேகவைக்கும் களத்தில் காலில் காயம்பட்டுச் சேர்ந்திருந்த, நாற்பது வயதை ஒட்டிய ஓர் அம்மாவுக்குக் காலை 10:40 மணிக்குச் செஃப்ட்ரியாக்சோன் என்ற கிருமிக்கொல்லி மருந்து ஒரு கிராமை நரம்பு வழியாக மெதுவாகச் செலுத்திக்கொண்டிருந்தோம். அரை மணி நேரத்துக்கு முன்பு தோலில் போட்டுப் பார்த்த சோதனை ஊசியில் எந்த மாற்றமும் இல்லை. பாதி மருந்து போயிருந்தபோது அவர், "உள்ளங்கை அரிக்குதுங்க அம்மிணி, தொண்டையில என்னமோ அடைக்குது" என்றார். அடுத்த மூச்சிலேயே கழிவறைக்குப் போக வேண்டும் என்று எழ முயன்றார். உடம்பில் ஒரு தடிப்புகூட இல்லை. உடனிருந்த பயிற்சிச் செவிலியர், ஊசிக்குப் பயந்து மயக்கம் வருகிறது என்றே நினைத்தார்.

நானும் ஒரு கணம் அப்படித்தான் நினைத்தேன். மணிக்கட்டைத் தொட்டபோது நாடி 128 என்ற வேகத்தில், நூல் போல மெலிந்து ஓடியது. பயத்தில் வரும் மயக்கத்தில் நாடி பெரும்பாலும் தளர்ந்து மெதுவாகும், படுக்கவைத்தால் ஓரிரு நிமிடங்களில் தெளிவும் வந்துவிடும். இவருக்கோ குரல் கம்மிவிட்டது, ரத்த அழுத்தம் 74/40, ஆக்சிஜன் அளவு 91. மருந்து கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மூச்சுப் பாதையும் ரத்த ஓட்டமும் சேர்ந்து தடுமாறுகின்றன என்றால், தோல் சிவக்கட்டும் என்று காத்திருக்க நேரமில்லை.

மருந்தை நிறுத்தி, குழாயில் மிச்சமிருந்தது உள்ளே போய்விடாதபடி கேனுலாவை மட்டும் விட்டுவிட்டுக் குழாயைக் கழற்றினேன். பயிற்சிச் செவிலியர் மருத்துவரை அழைக்க ஓடினார், இன்னொருவர் அவசரத் தட்டைக் கொண்டுவந்தார். தலையணையை உருவி மட்டமாகப் படுக்கவைத்து, அதையே மடித்துக் கால்களுக்கு அடியில் கொடுத்தோம். ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம் உள்ள அட்ரினலின் ஆம்பூலிலிருந்து அரை மில்லி எடுத்து, ஓர் அங்குல ஊசியால், தொடையின் நடுவில் வெளிப்பக்கத் தசைக்குள் நேராகச் செலுத்தி, 10:43 என்று என் கையிலேயே பேனாவால் எழுதிக்கொண்டேன். அதன் பிறகே பையுள்ள முகமூடியில் ஆக்சிஜனும், கையால் பிழிந்து வேகமாக ஓடவிட்ட அரை லிட்டர் சலைனும் கொடுத்தோம்.

10:48-க்கு அழுத்தம் 82 மட்டுமே இருந்தது, மூச்சில் விசில் சத்தமும் கேட்டது. அதற்குள் வந்துவிட்ட மருத்துவர் சொன்னபடி மற்றத் தொடையில் இன்னோர் அரை மில்லி போட்டேன். 10:55-க்கு 104/60. வேடிக்கை என்னவென்றால், நாங்கள் தேடிய சிவந்த தடிப்புகள் அழுத்தம் ஏறிய பிறகுதான் வயிற்றிலும் தொடையிலும் எழும்பின. தோலுக்குப் போதிய ரத்தம் வராதவரை அவை வெளியே தெரியவே இல்லை.

ஆனைமலை அருகே, தென்னந்தோப்பு வைத்திருப்பவர்:

எங்கள் தோப்பில் மரமேறி ஒருவரைக் கதண்டு கொட்டி, கை முழங்கை வரை வீங்கி மூன்று நாள் வேலைக்கு வரவில்லை. நீங்கள் சொல்வது அதைத்தானா? மருந்துக் கடையில் ஏவில் மாத்திரையும் இந்த அட்ரினலினும் வாங்கித் தோப்பு வீட்டில் வைத்துக்கொள்ளலாமா? நான்கு வருடங்களுக்கு முன்பு வேறொருவருக்குக் கொட்டியபோது, அவர் இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டு மரத்தில் சாய்ந்து, "கண்ணு இருட்டுதுங்" என்றார். அவரை நடுவில் உட்காரவைத்து, முன்னும் பின்னும் இருவர் பிடித்துக்கொண்டு பைக்கில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே போய்ச் சேர்ந்தபோது அவருக்குப் பேச்சே இல்லை, ஆனாலும் பிழைத்துக்கொண்டார்.

கோவை, ஓய்வுபெற்ற மயக்கவியல் மருத்துவர்:

கொட்டிய கை மட்டும், எவ்வளவு பெரிதாக வீங்கினாலும், அனாஃபிலாக்சிஸ் ஆகாது. நீங்கள் பேச்சுவாக்கில் சொன்ன இரண்டாவது மனிதருக்குத்தான் அது வந்திருக்கிறது. கொட்டிய இடத்துக்கும் வயிற்றுக்கும் என்ன தொடர்பு என்று அப்போதே யாராவது கேட்டிருக்க வேண்டும். விஷக் கொட்டுக்குப் பின் வாந்தியும் கண் இருட்டலும் சேர்ந்தால் அது உடல் முழுவதற்குமான எதிர்வினை.

அவர் பிழைத்தது அதிர்ஷ்டம் என்றே சொல்வேன். இந்த நிலையில் ரத்தக் குழாய்கள் விரிந்துவிடுகின்றன, அவற்றிலிருந்து நீரும் கசிந்து வெளியேறிவிடுகிறது. ஆகவே இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் வெகுவாகக் குறைந்துபோகிறது. அந்த நேரத்தில் ஒருவரை எழுப்பி உட்காரவைத்தால் மிஞ்சிய ரத்தமும் காலில் தேங்கி, இதயம் வெற்றுப் பையை அழுத்துவது போல ஆகிவிடும். பிரிட்டனில் பம்ஃப்ரே என்ற மருத்துவர் இத்தகைய மரணங்களை ஆராய்ந்து 2003-இல் எழுதியபோது, படுத்திருந்தவர் எழுந்த சில விநாடிகளில் உயிர் பிரிந்த நிகழ்வுகளைப் பதிவுசெய்தார். அதனால் 108-ஐ அழையுங்கள். வண்டி வரத் தாமதமானால் டெம்போவின் பின்புறத்தில் படுக்கவைத்தாவது கொண்டுபோங்கள், பைக் வேண்டாம். மூச்சுத் திணறல்தான் முதன்மை என்றால் காலை நீட்டி உட்காரலாம், ஆனால் நடக்கக் கூடாது. ஆம்பூல் வாங்கி வைப்பது பற்றி, ஏற்கெனவே ஒருமுறை இப்படி வந்தவர் தம் மருத்துவரிடம் எழுத்தில் வாங்கி, அளந்து போடவும் பழகிக்கொண்ட பிறகு வைத்திருக்கட்டும். ஏவில் மாத்திரை அரிப்பைத் தணிக்கும், விழுந்த அழுத்தத்தைத் தூக்காது.

பொள்ளாச்சிப் பகுதி, கிராம சுகாதார செவிலியர்:

ஈரோட்டுச் சகோதரி செய்தது சரிதான், ஆனால் தொடையேதான் வேண்டும் என்பதில்லை. நாங்கள் படித்த காலத்தில் மேற்கையில் தோலுக்கடியில்தான் அட்ரினலின் போடக் கற்றுக்கொடுத்தார்கள், மருந்து ஒன்றுதானே. அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு அழுத்தம் ஏறிவிடும் என்று நான் பாதி அளவே கொடுப்பேன். ஆனால் குழந்தைகள் விஷயத்தில் எனக்குக் குழப்பமில்லை. எடை கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், ஆறு வயதுக்குக் கீழே 0.15, பன்னிரண்டு வரை 0.3 என்று எங்கள் பெட்டியின் மூடியிலேயே ஒட்டி வைத்திருக்கிறேன்.

கோவை, ஓய்வுபெற்ற மயக்கவியல் மருத்துவர்:

குழந்தைகளின் அளவு சரி. மற்ற இரண்டிலும் நான் உடன்படவில்லை, ஏனென்றால் இங்கே மருந்தைவிட அது போய்ச் சேரும் வழிதான் காலத்தைத் தீர்மானிக்கிறது.

அட்ரினலின் தோலடிக் கொழுப்பில் இறங்கியவுடன் அங்குள்ள நுண்குழாய்களைச் சுருக்கிவிடும். தான் வெளியேற வேண்டிய வாசலைத் தானே சாத்திக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தசையின் ரத்தக் குழாய்களிலோ அதே மருந்து விரிவை உண்டாக்கும் ஏற்பிகள் நிறைய இருக்கின்றன, ஆகவே அது விரைவாக ரத்தத்தில் கலக்கிறது. கனடாவின் வின்னிபெக்கில் எஸ்டெல் சைமன்ஸ் குழுவினர் 1998-இல் குழந்தைகளிடம் அளந்தபோது, தொடைத் தசையில் போட்டால் சராசரியாக 8 நிமிடங்களிலும் தோலடியில் போட்டால் 34 நிமிடங்களிலும் மருந்து உச்ச அளவை எட்டியது. 2001-இல் அவர்களே பெரியவர்களிடம் ஒப்பிட்டபோது, மேற்கையில் தசைக்குள் போட்டதைவிடத் தொடையில் போட்டதே ரத்தத்தில் அதிக அளவைக் கொடுத்தது. அவையெல்லாம் நோயின் நடுவில் அளந்தவை அல்ல, அதிர்ச்சி நிலையில் தோலின் ஓட்டம் இன்னும் குறைவாகவே இருக்கும்.

நடுத் தொடையின் வெளிப்பக்கத்தில் தசை பருமனானது, பெரிய நரம்போ குழாயோ குறுக்கே வராது, படுத்திருப்பவரைப் புரட்டவும் வேண்டாம். சேலையை விலக்க நேரமில்லை என்றால் மெல்லிய துணியின் மேலேயே போடலாம். புட்டத்தில் கொழுப்பு அதிகம், அங்கே வேண்டாம். நேரடியாக ரத்தக் குழாயில் அந்த அரை மில்லியை அப்படியே செலுத்துவது இன்னும் ஆபத்து, இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடும். முதியவரின் அளவையும் பயத்தால் பாதியாக்காதீர்கள். தசையில் அரை மில்லிகிராம் செய்யும் தீங்கைவிட, 70-இல் நிற்கும் அழுத்தம் அவர் இதயத்துக்குச் செய்யும் தீங்கு பெரிது.

பொள்ளாச்சிப் பகுதி, கிராம சுகாதார செவிலியர்:

வாசல் சாத்திக்கொள்ளும் கதையை இன்றுதான் கேட்கிறேன். பச்சைக் குழந்தைக்குத் தடுப்பூசியைத் தொடையில் போடுகிற நானே இதை யோசிக்காமல் இருந்திருக்கிறேன். ஒரு சந்தேகம். சிறிய அளவைத் துல்லியமாக எடுக்கலாம் என்று எங்கள் பக்கத்தில் சிலர் இன்சுலின் சிரிஞ்சைப் பயன்படுத்துகிறார்கள், அது தவறா?

ஈரோடு, வார்டு செவிலியர்:

ஊசி கழற்ற முடியாதபடி பொருத்திய சிரிஞ்சு என்றால் தவறு, அதன் நீளம் தசையை எட்டாது. நீங்கள் தொடையில் போட்டதாக எழுதினாலும் மருந்து கொழுப்பிலேயே நிற்கும். ஒரு மில்லி சிரிஞ்சில் ஓர் அங்குல ஊசியை மாற்றிப் போட்டால் அளவும் துல்லியம், ஆழமும் சரி. மிகவும் பருமனான பெண்களுக்கு அந்த ஓர் அங்குலமும் போதுமா என்பது எனக்கு இன்னும் நெருடுகிறது. எங்கள் தட்டில் ஒன்றரை அங்குல ஊசி இரண்டும் வைத்திருக்கிறோம்.

மருத்துவர் ஐயா எழுந்து உட்காருவதைப் பற்றிச் சொன்னதால் ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு மருத்துவமனையில், இதே போன்ற ஒருவருக்கு நாங்கள் முதலில் ஏவிலும் ஹைட்ரோகார்ட்டிசோனும் கொடுத்துவிட்டுத் தெளிவார் என்று காத்திருந்தோம். கழிவறைக்குப் போகிறேன் என்றவரை நானே கைத்தாங்கலாக அழைத்துப் போனேன். கதவருகில் சரிந்தார், நாடி கிடைக்கவில்லை. நெஞ்சை அழுத்தி மீட்டோம், பதினொரு நாள் தீவிர சிகிச்சையில் இருந்தார். அதனால்தான் சென்ற மாதம் அந்த அம்மா 11:10-க்கு, "இப்ப நல்லாத்தான் இருக்குதுங்க, எந்திரிச்சுப் போயிட்டு வந்துடறேன்" என்றபோது, படுக்கையிலேயே பேசின் வைத்தேன். கை நடுக்கமும் படபடப்பும் மருந்தினால் வருபவை, சற்று நேரத்தில் அடங்கும் என்றும் சொல்லி வைத்தேன், இல்லாவிட்டால் நோய் கூடுகிறது என்று அவர் பயந்திருப்பார்.

திருப்பூர், இரவுப் பணிச் செவிலியர்:

பிரிட்டனின் உயிர்மீட்புக் குழு 2021-இல் ஏவில் வகை மருந்துகளையும் ஸ்டீராய்டையும் முதல் நிமிடச் சிகிச்சையிலிருந்தே எடுத்துவிட்டது என்று எங்கள் பயிற்சியில் சொன்னார்கள். எங்கள் மருத்துவர்களோ இரண்டையும் எழுதாமல் விடுவதில்லை. அட்ரினலினுக்குப் பிறகு கொடுப்பதால் கெடுதல் இல்லை என்று நானும் கொடுக்கிறேன். எனக்குள்ள கேள்வி வேறு. இரவில் மருத்துவர் வீட்டிலிருந்து வர இருபது நிமிடங்கள் ஆகும், அதுவரை நான் என் பொறுப்பில் போடலாமா?

ஈரோடு, வார்டு செவிலியர்:

எங்கள் இடத்தில் மருத்துவர் கையெழுத்திட்ட நிலையாணை தட்டின் மேலேயே ஒட்டப்பட்டிருக்கிறது. முதல் ஊசியை நாங்கள் போடலாம், போட்டுக்கொண்டே தொலைபேசியில் சொல்ல வேண்டும். அது இல்லாத இடத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், நான் போட்டுவிடுவேன், ஆனால் உங்களைப் போடுங்கள் என்று இங்கிருந்து சொல்ல எனக்குத் தைரியமில்லை.

கோவை, ஓய்வுபெற்ற மயக்கவியல் மருத்துவர்:

தடுப்பூசி முகாமில் கிராமச் செவிலியர் முதல் ஊசியைப் போட அரசே வழி செய்திருக்கும்போது, மருத்துவமனைக்குள் இருக்கும் உங்களைத் தடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. இருந்தாலும் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

திருப்பூர், இரவுப் பணிச் செவிலியர்:

கேட்டுப் பார்த்தேன் ஐயா, யோசிக்கிறோம் என்றார்கள். அதைவிட, எங்கள் தளத்தில் அவசர மருந்து அலமாரியின் சாவி இரவில் கீழ்த்தளப் பொறுப்பாளரிடம் இருக்கிறது. நேற்று யாருக்கும் தெரியாமல் மணி பார்த்துக்கொண்டு போய் வாங்கி வந்தேன், நான்கு நிமிடங்கள் ஆயின. அங்கே அட்ரினலின் ஆம்பூலும் நார்அட்ரினலின் ஆம்பூலும் ஒரே டப்பாவில் கலந்து கிடந்தன. டப்பாவை மட்டும் நேற்றே பிரித்து வைத்துவிட்டேன்.