முட்டி வரைக்கும் வர்ற பூட்ஸ், ஏறாத ஜிப்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

குன்னூர் மலர்
பிரவுன் கலர், உள்ள ஃபர் வச்சது, ஆன்லைன்ல வாங்குனேன். பேஜ்ல ஷாஃப்ட், அதாவது காலை மூடுற பகுதி, சுத்தளவு 38 செ.மீ.னு போட்டிருந்தான், என் ஆடுசதை டேப்புல 37. ஒரு சென்டிமீட்டர் மிச்சம் இருக்கேனு நிம்மதியா இருந்தேன். வீட்ல நின்னுக்கிட்டு போட்டப்ப கொஞ்சம் அழுத்தி இழுத்ததும் ஏறிடுச்சு. மறுநாள் ஊட்டி பஸ் ஏற குன்னூர் ஸ்டாண்டுல முதல் படில கால தூக்கி வைக்கிறேன், டர்ர்ருனு ஒரு சத்தம். ரன்னர் மேல முட்டிகிட்டயே நிக்குது, நடுவுல ஜிப் வாயைப் பொளந்துகிட்டு வெள்ள ஃபர் வெளிய எட்டிப் பாக்குது. கண்டக்டர் டிக்கெட் குடுக்கறதையே நிறுத்திட்டு பாத்தாரு. ரன்னர் கீழயும் வரல, கழட்டவும் முடியல, ஊட்டி வரைக்கும் சால்வைய கால் மேல போட்டுகிட்டு போய் சேரிங் கிராஸ் பக்கத்துல செருப்பு தைக்கிற அண்ணன்கிட்ட குடுத்து அறுத்துதான் எடுத்தேன்.
என் கேள்வி ஒண்ணுதான். 37 கால் 38 பூட்டுல ஏன் ஒழுங்கா நிக்கல?

ஏழுரோட்டுக்காரன்
கொடைல எனக்கும் இதே கதைதான், ஆனா முடிவு நல்லா இருந்துச்சு. கடைக்காரர் ரெண்டு பக்கமும் கையால அமுக்கிப் புடிச்சுகிட்டே ஜிப்ப ஏத்தி "போகப் போக லூஸாயிடும்"னாரு, ஆயிடுச்சு. லெதர்னா அப்படித்தான், உடம்புக்கேத்த மாதிரி விரிஞ்சு குடுக்கும். ஜிப்புல மெழுகுவத்திய தேய்ச்சு, ஈர சாக்ஸ் போட்டு வீட்டுக்குள்ளயே ஒரு ராத்திரி நடந்து பாருங்க. அவசரப்பட்டு பஸ் ஏறுனதுதான் பிரச்சன.

பழைய ஆம்பூர்காரன்
மலர் மா, ஆம்பூர்ல ஷூ கம்பெனில அப்பர் தைக்கிற பக்கம் ரொம்ப காலம் இருந்தேன், இப்ப கோத்தகிரில இருக்கேன். உங்க கணக்குல அந்த 1 செ.மீ. மிச்சமே கிடையாது.

அந்த 38 பெரும்பாலும் வெளிப்பக்கம் எடுத்த அளவு. உள்ள ஃபர் 3 மி.மீ. தடிமன்னு வைங்க, ரெண்டு பக்கமும் சேத்தா குறுக்களவுல 6 மி.மீ. போச்சு, சுத்தளவுல கிட்டத்தட்ட 2 செ.மீ. காணாம போயிடும். அடுத்தது, 38ங்கறது எந்த இடத்துல எடுத்தது? நிறைய பேர் பூட்டோட வாய்லதான் எடுப்பான், முட்டிக்கு கீழ. உங்க ஆடுசதை பெருசா இருக்கிற இடம் அதுக்கு நல்லா கீழ இருக்கும், பூட் அங்க வாய விட ஒடுக்கமா வெட்டியிருப்பான். அதோட, அவன் போடுற அளவு ஏதோ ஒரு சைஸ் சாம்பிளோடது. சின்ன சைஸ் வாங்குனா ஷாஃப்டும் சேந்தே குறையும்.

இப்ப கால் பக்கம். நின்னுகிட்டு எடுத்த 37ஐ நம்பாதீங்க. சாயங்காலமா, சேர்ல உக்காந்து பாதம் தரைல பட்டு முட்டி நேரா மடங்கி இருக்கும்போது எடுங்க, ரெண்டு காலும் எடுங்க, பெரியத வச்சுக்கங்க. பூட்டுக்கு ஹீல் இருந்தா குதிகாலுக்கு அடியில அதே உயரத்துக்கு ஒரு புக்க வச்சுட்டு, எழுந்து நின்னும் ஒரு தடவ எடுங்க, ஏன்னா குதிகால் தூக்குனா ஆடுசதை திரளும். ஜீன்ஸ் மேல போடுறதா இருந்தா ஜீன்ஸ் மேலயே எடுங்க. துணி 1 மி.மீ. இருந்தாலே சுத்தளவு அரை செ.மீ.க்கு மேல கூடும், கம்பளி சாக்ஸ்னா அதுக்கு டபுள்.

டேப்ப எடுக்கும்போதே தரைலேர்ந்து எத்தன செ.மீ. உயரத்துல ஆடுசதை பெருசா இருக்குன்னு குறிச்சுக்கங்க. பூட்ட ஜிப் மூடி தட்டையா படுக்க வச்சு, அதே உயரத்துல குறுக்கே ஸ்கேல் வச்சு ரெண்டால பெருக்குங்க, லைனிங்க கழிங்க. உயரத்த பூட்டுக்கு வெளிய அளக்காதீங்க, ஹீல் ஏமாத்தும். உள்ள கைய விட்டு குதிகால் உக்கார்ற இடத்துலேர்ந்து டேப்ப மேல இழுங்க.

அந்த பூட் இன்னும் இருந்தா இந்த அளவ எடுத்து போடுங்க.

எஸ்டேட் ராஜா
நான் கீழ் கோத்தகிரி பக்கம் தோட்டத்துல சூப்பர்வைசர். முட்டி வர்ற பூட்ஸ்னா கம்பூட்ஸ் தானே? போன மழைல என்னோடது ஆடுசதைல வெட்டி தடம் விழுந்துடுச்சு, கழட்ட ரெண்டு பேர் இழுத்தாங்க. எல்லாருக்கும் சொல்றேன், கம்பூட்ஸ் எப்பவும் லூஸா வாங்குங்க, மேல டைட்டா இருந்தா பேனாக்கத்தியால சுத்தி ரெண்டு விரல் உயரத்துக்கு வெட்டிடலாம், ரப்பர் பிரியாது. ஆனா ரொம்ப லூஸா விட்டா அட்டை உள்ள எறங்கிடும், அதனால நீள சாக்ஸ பேண்ட் மேல இழுத்து விட்டுட்டு, சாக்ஸ் மேல பொகையில ஊற வச்ச தண்ணிய தடவிக்கங்க, சிலபேர் உப்ப துணில கட்டி தேய்ப்பாங்க, மழைல கரைஞ்சிடும், பொகையில தண்ணி கொஞ்ச நேரம் நிக்கும். ராத்திரி பூட்ட கவுத்து வைங்க, அடுப்பு பக்கத்துல வைக்காதீங்க, ரப்பர் வெடிக்கும். காலைல போடும்போது ஒரு தட்டு தட்டிட்டு போடுங்க, தேள் இருக்கும்.

குன்னூர் மலர்
ராஜா அண்ணா இது ஜிப் வச்ச பூட்ஸ் 😄 தேள் மேட்டர் நோட் பண்ணிக்கிட்டேன்.

ஆம்பூர் அண்ணா, அறுக்காத இன்னொரு கால் பூட் இருக்கு, அளந்தேன். என் ஆடுசதை பெருசா இருக்கிறது தரைலேர்ந்து 28ல. உக்காந்து லெகிங்ஸோட எடுத்தா 37.5. பூட்ல உள்ளேர்ந்து அதே 28ல தட்டையா 18.5. அப்ப வெளிய 37, ஃபருக்கு 2 கழிச்சா 35. ரெண்டரை கம்மி!! வாய்ல அளந்தா சரியா 19, அதாவது அவன் சொன்ன 38. பொய் சொல்லல, வேற இடத்த சொல்லியிருக்கான்.

பழைய ஆம்பூர்காரன்
அதேதான். சதை அமுங்கும், ஃபரும் அமுங்கும், அதனால நின்னா ஏறிடுச்சு. பஸ் படில முட்டி மடங்கி குதிகால் எழும்புனதும் சதை திரண்டு பக்கவாட்டுல தள்ளியிருக்கு. அந்த தள்ளுல விட்டு குடுக்க ஜிப்ப தவிர வேற எதுவும் இல்ல.

ஏழுரோட்டு தம்பி சொன்னது பாதி சரி. தோல் குறுக்கால கொஞ்சம் விரியும், ஒத்துக்கறேன். ஜிப்போட நாடா விரியாது. இவங்களோடது ரெக்சின் மாதிரி, அடில துணி ஒட்டுனது, அதுவும் விரியாது. அதுல ஈர சாக்ஸ் போட்டா நம்ம மல ஈரத்துக்கு மேல்பூச்சு உரியறது இன்னும் சீக்கிரம் ஆகும். மெழுகு ரன்னர வழுக்க வைக்கும், பல்லுக்கு பலம் குடுக்காது.

ஏழுரோட்டுக்காரன்
என்னோடது ஒரிஜினல் லெதர்ணா, இன்னும் போட்டுகிட்டுதான் இருக்கேன். எல்லாத்தையும் ஸ்கேல் வச்சு அளந்துட்டா கடையே வேணாமே. கடைல எப்படி கண்டுபுடிக்கிறதுனு சொல்லுங்க, அங்க ஒடனே முடிவு பண்ணணும்.

பழைய ஆம்பூர்காரன்
நியாயமான கேள்வி. ரன்னர ரெண்டு விரலால மட்டும் இழுங்க. அடுத்த கை ரெண்டு ஓரத்தையும் சேத்துப் புடிச்சாத்தான் ஏறுதுன்னா அங்கயே நிறுத்துங்க, கடைக்காரர் அமுக்கி ஏத்துனாலும் கணக்கு அதேதான். ஏறுனதும் உக்காருங்க, குந்துங்க, கடை வாசப்படில ஒரு கால தூக்கி வைங்க. வச்ச நிலையிலயே ஜிப்ப பாருங்க. பல்லு வரிசை நேரா இருக்கணும், ஆடுசதை கிட்ட ஆறு வளையற மாதிரி வளைஞ்சா இழுபடுதுன்னு அர்த்தம். நாடாவ தோலோட சேத்த தையல பாருங்க, ஊசி ஓட்டை நீளமாகி நூல் வெளிய தெரிஞ்சா பல்லு தாங்குனாலும் தையல் விடும். மேல வாய்ல ஒரு விரல் தட்டையா நுழையணும்.

ஒண்ணு விட்டுட்டேன். நைலான் சுருள் ஜிப் நடுவுல பொளந்தா ரன்னர மெதுவா கீழ வரைக்கும் கொண்டு வந்து திரும்ப ஏத்துனா பல தடவ சேந்துக்கும். மலரோடது கீழயே வரலன்னா ரன்னர்ல ஃபர் மாட்டியிருக்கும். உலோகப் பல்லு ஒண்ணு சாஞ்சா சேராது, மாத்தணும்.

லகான்
கொடைல குதிரை ஓட்டக் கத்துக்குடுக்கறேன். மேல சொன்னத அப்படியே ரைடிங் பூட்ஸுக்கு எடுத்துக்காதீங்க. எங்க பசங்க ஒருத்தி முதல் நாளே வசதியா இருக்குன்னு வாங்கிட்டு வந்தா, கொஞ்ச நாள்ல கணுக்கால்ல மடிப்பு விழுந்து பூட் கீழ எறங்கி, வாய் ஆடுசதை நடுவுல வந்து நின்னுச்சு, சேணத்துல மாட்டி மாட்டி அழுதா. ரைடிங் பூட் புதுசுல முட்டி பின்மடிப்ப லேசா குத்தணும், அகலமும் கையொற மாதிரி ஒட்டணும். விரல் நுழையற இடம் இருந்தா அது எங்களுக்கு லூஸ்.

பழைய ஆம்பூர்காரன்
உயரம் எறங்கும், சரி. அகலத்துல அவ்வளவு ஒட்டணும்னு சொல்றது கெட்டித் தோலுக்கு, பின்னால எலாஸ்டிக் பட்டை வச்சதுக்கு. பட்டை இல்லாததுல புதுசுலயே ஜிப் போய் ரிப்பேருக்கு வந்தத நான் பாத்திருக்கேன்மா.

லகான்
பட்டை இல்லாதது என்கிட்ட ரொம்ப வருஷமா இருக்கு, ஜிப் அப்படியே இருக்கு. இதுல நாம ஒத்துப் போக மாட்டோம் 🙂

நாலடி பதினொண்ணு
கோத்தகிரில நர்ஸ். எனக்கு அகலம் சரியா இருந்தும் பூட்டோட மேல் ஓரம் முட்டிக்கு பின்னால வெட்டும், குள்ளம்கறதால பூட்டோட அகலமான இடம் என் முட்டிகிட்ட வருது, ஆடுசதை இருக்கிற இடத்துல பூட் ஒடுக்கம். பஜார்ல ஒருத்தர் ஜிப்புக்கு எதிர்ப்பக்கம் மேலேர்ந்து பிரிச்சு V மாதிரி எலாஸ்டிக் வச்சுக் குடுத்தாரு. லைனிங்கையும் சேத்துப் பிரிச்சு தைங்கன்னு சொல்லிடுங்க, மேல் தோல்ல மட்டும் வச்சா உள்துணி விடாம புடிச்சுக்கும், எனக்கு முதல்ல அப்படித்தான் தைச்சாரு.

குன்னூர் மலர்
இன்னொரு விக்கிறவங்ககிட்ட 28ல ஸ்கேல் வச்சு போட்டோ கேட்டேன், அனுப்பிட்டாங்க. தட்டையா 20, ஃபர் இல்ல, மெல்லிசு லைனிங்தான். 40ல 1 கழிச்சாலும் 39, ஜீன்ஸோட எனக்கு 38.5. ஆனா ஜிப் கணுக்கால்லேர்ந்து பாதி உயரம்தான் இருக்கு, மேல் பாதி மூடுனது. வாங்கலாமாண்ணா?

பழைய ஆம்பூர்காரன்
பொறுங்க. பாதி ஜிப்னா வாய் திறக்காது. அந்த வாய் உங்க ஆடுசதைய முழுசா தாண்டித்தான் மேல போகணும். அதனால வாயோட சுத்தளவும், உள்பக்கமா, 38.5க்கு மேல இருக்கணும், இல்லன்னா அங்க எலாஸ்டிக் இருக்கணும். வாய்ல ஸ்கேல் வச்சு இன்னொரு போட்டோ கேளுங்க.

குன்னூர் மலர்
கேட்டாச்சு. "எவ்ளோ தடவ மேடம் அளப்பீங்க"னு ஒரு மெசேஜ் மட்டும் வந்திருக்கு.