வென்டர் மீட்டுக்கு என்ன எடுத்துக்கொண்டு போவது?

கோவையில் ரப்பர் கேஸ்கட், ஓ-ரிங் செய்கிற சின்னப் பட்டறை எங்களுடையது. ஜெம் போர்ட்டலில் ஒரு டெண்டருக்கு, சிறு நிறுவனம்தானே என்று முன்வைப்புத் தொகை கட்டாமல் போட்டேன், தள்ளிவிட்டார்கள். என்னடா என்று பார்த்தால் உத்யம் சான்றிதழில் நாங்கள் டிரேடிங் என்று பதிவாகியிருக்கிறது, அந்த விலக்கோ வாங்கி விற்பவர்களுக்குக் கிடையாதாம். சரி, திருத்திவிட்டேன்.

அடுத்த வாரம் ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் வென்டர் மீட். போன தடவை பர்ச்சேஸ் அதிகாரி என் கேட்லாக்கைப் புரட்டிவிட்டு, "நாங்கள் வாங்குவதில் எதை உங்களால் செய்து தர முடியும்?" என்றார், முழித்தேன். அவர்களுடைய ஐட்டம் பட்டியலையும் டிராயிங்கையும் முன்கூட்டியே யாரிடம் கேட்பது? சாம்பிளோடு லேப் டெஸ்ட் ரிப்போர்ட்டும் வேண்டுமா? போய் ஆர்டர் வாங்கியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.