அடிக்குறிப்பை எடுத்த பிறகு என் கவிதைக்கு நடந்தது

இரவுப்பேருந்து:
நான் எழுதுவது ஆங்கிலத்தில். ஆனால் அந்தக் கவிதையில் அப்பா தொலைபேசியில் பேசுகிறார், அவர் தமிழில்தான் பேசுவார். "நாங்க நல்லா இருக்கோம்" என்கிறார். நான் ஊரை விட்டு வந்து நான்கு வருடம் கழித்து, அந்த 'நாங்க'வுக்குள் நான் இல்லை என்று திடீரென்று காதில் விழுந்தது. கவிதை முழுக்க அந்த ஒரு நொடிதான். ஆங்கிலத்தில் 'நாங்க', 'நாம' இரண்டுக்கும் ஒரே 'வி'.

முதல் வடிவில் 'நாங்க' என்று எழுதி, ஒரு காற்புள்ளி போட்டு, 'உன்னைச் சேர்க்காத நாம்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் விளக்கினேன். படித்த ஒருவர், அடிக்குறிப்பாக மாற்றினால் வரி சுத்தமாகும் என்றார். மாற்றினேன். வலிக்க வேண்டிய இடத்தில் கண் பக்கத்தின் அடிக்குப் போய் ஓர் இலக்கணச் செய்தியைப் படித்துவிட்டுத் திரும்பியது. அவ்வளவுதான், கவிதை செத்துவிட்டது.

மூன்றாவது வடிவில் விளக்கம் எதுவும் இல்லை. அப்பா சொல்லி முடித்ததும் அடுத்த வரியில் நான் எண்ணுகிறேன்: அந்த முனையில் இரண்டு பேர். பத்து வரி தள்ளி அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போகிறது. அப்பா கேட்கிறார்: "இப்ப நாம என்ன பண்ணலாம்?" மறுபடி எண்ணுகிறேன்: மூன்று. தமிழ் தெரியாத தோழி படித்துவிட்டு, முதல் சொல் கதவைச் சாத்துகிறது, இரண்டாவது திறக்கிறது என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இதுபோல் உங்களுக்கு நடந்திருக்கிறதா?

வெள்ளைத்தாள்:
நான் தமிழ்க் கவிதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கிறேன். கடைசியில் சொற்பட்டியல் இல்லாமல் பதிப்பாசிரியர்கள் ஒப்புக்கொள்வதில்லை. போன தொகுப்பில் பதினான்கு சொற்களுக்குப் பொருள் கொடுத்தேன். அது தப்பா?

இரவுப்பேருந்து:
உங்கள் நிலைமை வேறு. நீங்கள் இன்னொருவர் சொல்லைக் கொண்டு போகிறீர்கள். இங்கே இரண்டு மொழியும் என் வாயிலேயே இருக்கின்றன.

மூன்றாம்வரி:
குறிப்பு என்றாலே மன்னிப்புக் கேட்பது என்று நினைக்க வேண்டாம். ஆங்கிலத்தில் எழுதிய கவிஞர் எலியட்டே தன் பாழ்நிலக் கவிதையைச் சமஸ்கிருதத்தில் முடித்துவிட்டு, பின்னால் குறிப்புகள் கொடுத்தாரே. அவரே கொடுக்கும்போது நமக்கு என்ன?

பழையநோட்டு:
கொடுத்தார், ஆனால் பிறகுதான். 1922 அக்டோபரில் அது இதழில் வந்தபோது குறிப்பே கிடையாது. அந்த வருடக் கடைசியில் புத்தகமாக வந்தபோதுதான் சேர்ந்தது. கவிதை மட்டும் புத்தகத்துக்குச் சிறியதாக இருந்ததும் ஒரு காரணம் என்று பின்னாளில் அவரே சொன்னார். முதல் வாசகர்கள் குறிப்பில்லாமல்தான் படித்தார்கள்.

எண்ணும் வரி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அது பொருளைச் சொல்லவில்லை, சொல் என்ன செய்கிறது என்று காட்டுகிறது. நான் பல வருடம் வேறொரு தப்பைச் செய்தேன். குறிப்பை எடுத்துவிட்டு, அதையே பேச்சுக்குள் ஒளித்து வைத்தேன். அம்மா தமிழில் "தூக்கம் வரல" என்பாள், மகன் ஆங்கிலத்தில் "உனக்குத் தூக்கம் வரவில்லையா?" என்பான். இரண்டு மொழியும் தெரிந்த வீட்டில் யாரும் அப்படித் திருப்பிச் சொல்ல மாட்டார்கள். சத்தமாகப் படித்தால் உடனே தெரிந்துவிடும்: அந்த மகன் அம்மாவிடம் பேசவில்லை, அவள் தலைக்கு மேலாக வாசகரிடம் பேசுகிறான். இப்போது அவன் "மணி மூன்று" என்று மட்டும் சொல்கிறான். போதும்.

ஒரு கேள்வி: அந்த இரண்டு சொற்களையும் எந்த எழுத்தில் எழுதினீர்கள்?

இரவுப்பேருந்து:
முதலில் தமிழ் எழுத்தில். அப்போது தமிழ் தெரியாதவர்களுக்கு சொல் மாறியதே கண்ணில் படவில்லை. அப்புறம் ஆங்கில எழுத்துக்கு மாற்றினேன், சாய்வெழுத்து இல்லாமல். சாய்த்தால் அப்பா வேற்று ஆள் மாதிரி தெரிகிறார். இப்போது இரண்டும் ஒரே மாதிரி தொடங்கி நடுவில் பிரிவது கண்ணுக்கே தெரிகிறது. ஆனாலும் ஒருவர் 'நாம' என்றால் 'வா' என்று அழைப்பதாக எடுத்துக்கொண்டார். பொருள் தப்பு, உணர்வு சரி. அதை அப்படியே விட்டுவிட்டேன்.

கிணற்றடி:
எனக்கு ஒரு சங்கடம். எங்கள் வீட்டுப் பேச்சில் 'நாங்கள்' என்பதுதான் இரண்டுக்கும். என் அம்மா என்னையும் சேர்த்துத்தான் 'நாங்கள்' என்பார். உங்கள் கவிதையைப் படித்திருந்தால் முதல் இடத்தில் எனக்கு எதுவும் உறுத்தியிருக்காது. தமிழ் தெரிந்தும் நான் வெளியே நின்றிருப்பேன்.

இரவுப்பேருந்து:
இதை நான் யோசிக்கவே இல்லை. எண்ணிக்கை உங்களுக்கு உதவுமா?

கிணற்றடி:
'மூன்று' வரும்போது திரும்பிப் போய்ப் படிப்பேன் என்று நினைக்கிறேன். ஆனால் அப்பா பிரித்துச் சொன்னார் என்று நம்புவேனா, மகள் அப்படிக் கேட்டுக்கொண்டாள் என்று நினைப்பேனா, தெரியவில்லை.

பழையநோட்டு:
அந்த இரண்டாவது வாசிப்பு உங்களுக்குச் சம்மதமா, இரவுப்பேருந்து?

இரவுப்பேருந்து:
இன்று இரவு அப்பாவிடம் பேசிவிட்டு வருகிறேன்.