பேங்கில் விழுந்த பணமும் திரும்பிப் போகும்

மதுரைக்காரி: எதிர் வீட்டு அக்கா சுங்குடிப் புடவையை ஓர் ஆன்லைன் விற்பனைத் தளத்தில் விற்கிறார். ஜிஎஸ்டி பதிவு இல்லை, தமிழ்நாட்டுக்குள் மட்டும்தான் அனுப்புகிறார். "கமிஷன் 12 சதவீதம்தானே, 800 ரூபாய்க்கு 704 வர வேண்டும், 626 தான் வந்திருக்கிறது" என்று தளத்தின் ஒப்பந்தத்தோடு வந்துவிட்டார். இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

கமிஷன் புடவை விலைக்கு மட்டும் இல்லை, வாடிக்கையாளர் கட்டிய 60 ரூபாய் கூரியரையும் சேர்த்து 860க்கு. அது 103.20. ஆர்டருக்கு நிலையான கட்டணம் 25, தளம் பிடிக்கும் கூரியர் 70. மொத்தம் 198.20. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 35.68. பதிவு இல்லாததால் அதைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை. மிச்சம் 626.12, பைசா சுத்தம்.

அடுத்த மாதம் இன்னொரு 860 ரூபாய் ஆர்டர் போனது. வாங்கியவர், "கார்டில் இந்தப் பணத்தை நான் கட்டவில்லை" என்று பேங்கில் சொல்லிவிட்டார். தளம் அதை அக்காவின் அடுத்த வாரப் பணத்தில் கழித்துக்கொண்டது. புடவையும் திரும்பவில்லை. மூன்று நாளில் ஆதாரம் கேட்ட மெயில், அக்கா மகனின் மெயிலில் படிக்காமல் கிடந்தது!

பொடிக்கடை: ரிட்டர்ன் நாள் முடிந்தால் பணம் நம்முடையதுதானே? என் பொடி பாக்கெட் ஒன்றைப் பிரித்து, பாதி தின்றுவிட்டு அனுப்பினார்கள்.

கணக்கு எழுதுபவர்: அது ரிட்டர்ன், தளத்தின் விதி. அக்காவுக்கு நடந்தது சார்ஜ்பேக், அதாவது வாங்கியவர் பேங்கில் சொல்லிப் பணத்தைத் திரும்ப எடுப்பது, பேங்கின் விதி. ரிட்டர்ன் நாள் முடிந்து வாரங்கள் கழித்தும் வரும். டெலிவரியில் பணம் வாங்கினால் இந்தத் தொல்லை கிடையாது. டெலிவரி ஓடிபி பதிவு இருந்தால், "பொருள் வரவில்லை" என்பவரிடம் வாதாடலாம். "கார்டை நான் பயன்படுத்தவில்லை" என்பவரிடம் அது பெரும்பாலும் எடுபடாது. ஒப்பந்தத்தில் "எந்தத் தொகையிலிருந்தும் ஈடுசெய்துகொள்ளலாம்" என்ற வரியைத் தேடுங்கள். எல்லாப் பிடித்தமும் அதன் வழியாகத்தான்.

திருப்பூர் தையல்: என் கணக்கை முடக்கினார்கள். சரி என்று கணவர் பெயரில் புதிதாகத் திறந்தேன், பேங்க் கணக்கு மட்டும் பழையது. அதுவும் போச்சு.

மதுரைக்காரி: அக்காவின் ஒப்பந்தத்திலும் "தொடர்புடைய கணக்குகள்" என்று இருக்கிறது. முடக்கினால் 90 நாள் வரை பணத்தை நிறுத்தலாமாம். அதற்குள் வரும் சார்ஜ்பேக்கும் அதிலேயே கழியும்.

பொடிக்கடை: ஒரு மாதத்தில் புகாரைத் தீர்க்க வேண்டும் என்று 2020 நுகர்வோர் மின்வணிக விதி இருக்கிறதே?

கணக்கு எழுதுபவர்: இருக்கிறது, ஆனால் வாங்குபவர் தரும் புகாருக்கு. விற்பவர், தகராறு வந்தால் மத்தியஸ்தம் எந்த ஊரில் என்ற ஒப்பந்தப் பிரிவைத்தான் பார்க்க வேண்டும். அப்புறம், பணப் பட்டுவாடா அறிக்கையை வாராவாரம் இறக்கி வையுங்கள். முடக்கினால் உள்ளேயே போக முடியாமல் போகலாம்.

மதுரைக்காரி: சார்ஜ்பேக் ஆன ஆர்டருக்குப் பிடித்த கமிஷனைத் திருப்பித் தருவார்களா? ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை. அக்கா கேட்டு எழுதியிருக்கிறார், இன்னும் பதில் வரவில்லை.